சத்துமாவுப் பெட்டியின் நாலாவது பக்கம்

அந்தச் சத்துமாவுக்காரரை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதி முடிக்கும்போது மனம் இளகிவிடும் என்று எதிர்பார்த்து யாரும் படிக்க வேண்டாம்.

என் மகளுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. மூன்று வயதில் ஒரு துண்டு கடலை மிட்டாயைக் கடித்துவிட்டு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப்போனபோது தெரிந்துகொண்டோம். மதுரையில் பார்த்த டாக்டர், இனி கடலை அவள் நாக்கில் படவே கூடாது, ஒவ்வொரு முறையும் முன்னதைவிடக் கடுமையாக வரலாம் என்றார். கரிசல் காட்டில் பிறந்த பிள்ளைக்கு இப்படி ஒரு விலக்கு. சொந்தக்காரர்கள் யாரும் நம்பவில்லை.

"கடலை ஒத்துக்கலையாம்ல. நாமல்லாம் கடலையைத் தின்னுதான வளந்தோம். படிச்சவுக வீட்டுப் புள்ளைக்கு வார நோவும் படிச்ச நோவா இருக்கு" என்று என் நாத்தனார் ஒரு கல்யாண வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். பந்தியில் மகளின் இலைக்கு வரும் ஒவ்வொரு பதார்த்தத்தையும் நான் முகர்ந்து பார்த்ததைத்தான் அவள் அப்படிக் கேலி செய்தாள்.

என்னை ஓரளவு புரிந்துகொண்டவள் என் அக்கா. விருதுநகரில் பள்ளிக்கூட டீச்சர். அவள் வீட்டில் கடலை எண்ணெய் கிடையாது. கடையில் வாங்கும் எதையும் பெட்டியைத் திருப்பி, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று வாசித்த பிறகுதான் பிள்ளைக்குக் கொடுப்பாள். அதனால்தான் முழுப்பரீட்சை லீவுக்கு மகளை அங்கே விட்டுவிட்டு, நான் சிவகாசிக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

என் வேலை ஒரு ஆப்செட் அச்சகத்தில். கம்ப்யூட்டரில் லேபிளும் பெட்டியும் வடிவமைப்பது. பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஊறுகாய், அப்பளம், மசாலாத்தூள் பெட்டிகள். பி.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவள், கணினி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்ட தொழில் இது.

லீவின் இரண்டாம் வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. அவளால் பேச முடியவில்லை. அத்தான்தான் வாங்கிப் பேசினார். "பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டு வந்திருக்கோம். பதறாம வா" என்றார்.

பஸ்ஸில் போனது நினைவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கிடந்தது நினைவிருக்கிறது. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. தொடையில் ஊசி போட்டிருந்தார்கள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு கீச்சொலி வந்தது. "இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் தொண்டை அடைச்சிருக்கும்" என்று டாக்டர் சாதாரணமாகச் சொன்னார். அந்த வாக்கியம் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. மகள் இப்போது இருமினால்கூட எழுந்துபோய் அவள் முகத்தைப் பார்க்கிறேன்.

அக்கா கொடுத்தது ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி. புதிதாகக் கடைக்கு வந்த சரக்கு. பெட்டியின் முன்பக்கத்தில் கேழ்வரகுக் கதிரும் ஒரு கொழுகொழு குழந்தையும்.

"நான் படிச்சேன்டி. ஜன்னல்கிட்ட நின்னு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சேன். கேழ்வரகு, கம்பு, பயறு வரைக்கும் தெரிஞ்சிச்சு. அதுக்கு மேல ஒரே கலங்கலாக் கெடந்துச்சு. சத்துமாவுதானேன்னு…" அக்கா சொல்லி முடிக்கவில்லை. அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. கோபம் எங்கே போக வேண்டும் என்று அந்தப் பெட்டியைக் கையில் வாங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அச்சகத்தில் லென்ஸை வைத்துப் பார்த்தேன். சாக்லேட் நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து. அந்த நிறம் நான்கு மைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து வருவது. எழுத்து இருக்கும் இடத்தை மட்டும், மைக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சுப் பிளேட்டிலும் காலியாக விடுவார்கள், அட்டையின் வெண்மை எழுத்தாகத் தெரியும். பெரிய எழுத்துக்கு இது சரி. சின்ன எழுத்துக்கு ஒரு பிளேட் மயிரிழை நகர்ந்தாலும் அந்த மை எழுத்துக்குள் வந்துவிடும். மட்டமான அட்டையில் மை பரவவும் செய்யும். அந்தப் பெட்டியில் இரண்டும் நடந்திருந்தன. ஆங்கிலத்திலும் தமிழிலும் சேர்மானங்களை ஒரே பத்தியாக, ஒரு மில்லிமீட்டர்கூட உயரமில்லாத எழுத்தில் பெட்டியின் பின்பக்க அடி ஓரத்தில் நெருக்கி வைத்திருந்தார்கள். அதற்கு மேலே முக்கால் பக்கத்துக்கு அதே கொழுகொழு குழந்தையின் படம், இரண்டாம் முறையாக.

லென்ஸ் வழியாக 'நிலக்கடலை' கிடைத்தது. சுழிகள் எல்லாம் அடைத்துப்போய், எறும்பு நசுங்கிக் கிடந்தது போல.

இதை யார் செய்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை. எந்த அச்சகம் என்று தெரியாவிட்டாலும் எந்தப் பழக்கம் என்று தெரியும். சிவகாசியில் பெட்டி வடிவமைப்பவர்கள் எல்லாரும் பட்டாசு லேபிளில் கை பழகியவர்கள். பட்டாசுப் பெட்டிக்குப் படம்தான் உயிர். குழந்தை முகம், பூ, மயில், பளபளக்கும் பெயர். அடியில் போகும் சின்ன எழுத்தை நிறத்தின்மேல் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே திணிப்பார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை. அதே கையோடு சோற்றுச் சாமானுக்கும் பெட்டி செய்தார்கள்.

என் கணவர் ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். அரசாங்கத்தில் எதற்கும் ஒரு வழி இருக்கும் என்று நம்புகிறவர். இருவரும் சூலக்கரையில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்குப் போய், உணவுப் பொருள்களைச் சோதிக்கும் ஓர் அதிகாரியைப் பார்த்தோம். அவர் பெட்டியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மேஜையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"நிலக்கடலைன்னு போட்டிருக்காங்களேம்மா" என்றார்.

"பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தீங்களே சார்."

"போட்டிருக்கான்ல. போடலைன்னா நான் கேஸ் எழுதலாம். எழுத்துச் சின்னதா இருக்குன்னு ஒரு நோட்டீஸ் வேணா விடலாம். அடுத்த தடவை பெருசாப் போடுன்னு." பிறகு என் கணவரைப் பார்த்து, "புள்ளைக்கு ஒத்துக்காதுன்னா நீங்கதான் சார் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார்.

வெளியே வந்ததும் கணவர் விட்டுவிடலாம் என்றார். 'போட்டிருக்கான்ல' என்பது என் காதுக்குள் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெட்டி மட்டும் பொய் சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். உண்மையைப் போட்டு, அதைப் படிக்க முடியாமல் செய்திருந்தார்கள்.

அடுத்த வருடம், உணவுப் பெட்டிகளில் ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயம் என்று உத்தரவு வந்தது. ஆற்றல், புரதம், மாவுச்சத்து, அதில் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று நூறு கிராமுக்கோ ஒரு வேளை அளவுக்கோ போட வேண்டும். சின்னச் சின்னக் கம்பெனிக்காரர்கள் எல்லாம் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு வந்தார்கள். ஆடி மாசம் ஒரு காலையில் எங்கள் முதலாளி ஒருவரை என் மேஜைக்கு அழைத்து வந்தார்.

"அண்ணாச்சிக்கு மாவுப் பெட்டி. அட்டவணை புதுசாச் சேக்கணும். பாத்துச் செஞ்சு குடுங்க" என்றார்.

வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், ஐம்பது வயதிருக்கும். அவர் என் முன்னால் வைத்த பெட்டியில் கேழ்வரகுக் கதிரும் கொழுகொழு குழந்தையும் இருந்தன.

மௌசைப் பிடித்துக்கொண்டேன்.

"இந்தப் படம் மட்டும் சிறுசாகக் கூடாது தாயீ. எம் பேரன். அவன் மூஞ்சிக்குத்தான் சரக்கு போகுது" என்றார் அவர்.

பேரன் நன்றாக இருந்தான். கண் வீங்காமல், வாய் நிறையச் சிரித்துக்கொண்டு. அந்த நிமிடம் எனக்குள் என்னென்ன ஓடியது என்று சொல்ல வெட்கப்படவில்லை. பெட்டியின் மடிப்புக்கோட்டை ஒரு நூல் நகர்த்தினால் போதும், அத்தனை பெட்டியும் கோணலாகி நிற்கும். பேரன் முகத்தில் மஞ்சள் மையைக் கொஞ்சம் கூட்டினால் காமாலைக்காரன் போலத் தெரிவான். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் அச்சகத்தின் தவறு என்று முதலாளி தலையில் விழும். எனக்கு வேண்டியது அண்ணாச்சியின் தலை.

"என்னென்ன சேக்கறீக அண்ணாச்சி? அளவோட சொல்லுங்க. எது கூடுதலோ அது மொதல்ல வரணும். அதான் சட்டம்" என்றேன்.

"கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, பொரிகடலை, முந்திரி, பாதாம், ஏலக்காய், சீனின்னு போடு."

"சீனி கடைசியா?"

அவர் சிரித்தார். "நீயும் புள்ளை பெத்தவதானே. உனக்குத் தெரியாததா. பாதிக்குப் பாதி சீனிதான். இல்லாட்டி எந்தப் புள்ளை வாய்ல வைக்கும்? அதுக்கடுத்து கேழ்வரகு. அப்புறம் கடலை மாவு."

"எந்தக் கடலை?"

"நம்ம நிலக்கடலைதான். முந்திரி விக்கிற வெலைக்கு முந்திரியா போட முடியும்? வாசனைக்கு ரெண்டு போடறது. பொடிச்சிட்டா எல்லாம் ஒன்னுதான் தாயீ."

எல்லாவற்றையும் தானே சொன்னார். பெருமையாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகக் கேட்டு, வரிசையாக அடித்து வைத்துக்கொண்டேன்.

ஆய்வக அறிக்கையைக் கொண்டுவந்திருந்தார். நூறு கிராமில் மாவுச்சத்து எண்பத்து மூன்று, அதில் சர்க்கரை நாற்பத்தாறு. அதைப் பார்த்துவிட்டு, "இது நல்லால்லையே. நூறு கிராமுக்குப் போடாத. ஒரு வேளைக்குன்னு போட்டுட்டா கம்மியாத் தெரியும்ல" என்றார். விஷயம் தெரிந்த மனிதர்தான்.

"ஒரு வேளைக்கு எவ்வளவு அண்ணாச்சி?"

"பத்து கிராம்னு போடு. நாலரை கிராம்தான் சீனி வரும். அம்புட்டுத்தான்."

"முன்பக்கத்துல மூணு ஸ்பூன்னு போட்டிருக்கீகளே. ஒரு ஸ்பூன் பத்து கிராம். அப்ப ஒரு வேளைக்கு முப்பது. முன்னால ஒன்னும் பின்னால ஒன்னும் இருந்தா அதிகாரி மொதல்ல அதைத்தான் பிடிப்பாக."

"சரி, முன்னால ஒரு ஸ்பூன்னு மாத்திரு."

"ஒரு ஸ்பூன்ல கஞ்சி காய்ச்சுனா சுடுதண்ணி மாதிரி இருக்கும். இது என்ன மாவுன்னு கேப்பாக."

பக்கத்து மேஜையில் காலண்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். அண்ணாச்சி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். "நீ முப்பதே போட்டுக்க. ஆனா எழுத்தைச் சிறுசாப் போடு. பழைய பெட்டில இருந்தாப்ல. அதையெல்லாம் எவன் படிக்கான்?"

"படிக்கறவுக இருக்காக அண்ணாச்சி."

"இருந்தா லென்ஸ் வச்சுப் படிக்கட்டும். தமிழை எடுத்துரு. இங்கிலீஷ் மட்டும் இருந்தா இடம் மிச்சம். சட்டத்துக்கு அது போதும்னாக."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. வாதாடினால் வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லுவார். "போட்டுப் பாத்து புரூப் காட்டறேன்" என்றேன்.

அந்த வேலையை நான் செய்த அளவுக்கு வேறெந்த வேலையையும் அக்கறையாகச் செய்ததில்லை. பெட்டிக்கு நான்கு பக்கம். முன்பக்கத்தில் பேரனை அப்படியே விட்டேன். பின்பக்கத்திலும் அவன் இருந்துகொள்ளட்டும் என்று விட்டேன், ஒரு விரற்கடை குறைக்கவில்லை. பக்கவாட்டில் ஒன்று விலை, எடை, முகவரிக்குப் போனது. மற்றப் பக்கவாட்டில், அதுவரை சாக்லேட் நிறத்தில் சும்மா கிடந்த நாலாவது பக்கத்தில், நிறத்தை முழுக்க எடுத்தேன். வெள்ளை அட்டை, கறுப்பு மை. ஒரே ஒரு மை என்றால் எந்தப் பிளேட் நகர்ந்தாலும் எழுத்து அடைக்காது.

அகலம் குறைவு. அட்டவணைக்கு மூன்று பத்தி வேண்டும், பெயர், நூறு கிராமுக்கு, முப்பது கிராமுக்கு. ஆங்கிலமும் தமிழும் ஒரே வரியில் போட்டால் எண்களுக்கு இடமில்லை. பெயரை இரண்டு வரியாக்கி, மேலே தமிழ் கீழே ஆங்கிலம் வைத்தேன். கோடுகளை மெல்லியதாக்கினேன், சுற்றுக்கட்டத்தை மட்டும் தடிப்பாக. எண்களை வலப்பக்கம் ஒட்டி நிறுத்தினேன், புள்ளிக்கு நேர் புள்ளி வரும்படி. கீழே சேர்மானங்கள்: சீனி, கேழ்வரகு, நிலக்கடலை. தமிழ் எழுத்துக்குச் சுழி அதிகம், ஆங்கிலத்துக்குப் போதுமான அளவு அதற்குப் போதாது. அதனால் தமிழை ஒரு படி பெரிதாக வைத்தேன். அச்செடுத்து, கண்ணாடியில்லாமல் கையை முழுக்க நீட்டிப் பிடித்துப் படித்தேன். பிறகு அக்காவை நினைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்று படித்தேன். எதுவும் கலங்கவில்லை.

அச்சுக்கு முன் எடுக்கும் மாதிரித் தாளான புரூபில் கையெழுத்துப் போடுவது சிவகாசியில் ஒரு சடங்கு. தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்து, நல்ல நேரத்துக்குள் கையெழுத்து விழ வேண்டும். அண்ணாச்சி இதில் கண்டிப்பானவர் என்று முதலாளி சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னோம். பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம். அவர் வந்து சேர்ந்தபோது மணி பத்தே கால் தாண்டியிருந்தது. பைபாஸில் லோடு லாரி கவிழ்ந்து ரோடு அடைபட்டுக் கிடந்ததாம்.

விரித்து வைத்தேன். பேரனைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. மஞ்சளைத் தொட்டார்.

"நாலாவது பக்கத்தை ஒரு தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க அண்ணாச்சி" என்றேன். சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனால் சொன்னேன்.

"நேரமாச்சு தாயீ. நீ படிச்சவ. நீ படிச்சா போதும்."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நாலாவது பக்கத்தின் மேலேயே பேனா ஓடியது. முதலாளி கற்பூரம் காட்டினார்.

பெட்டிகள் ஆவணி பிறந்ததும் போய்ச் சேர்ந்தன. இன்னொன்றையும் நான் யோசித்து வைத்திருந்தேன். ஆவணிக்குப் பிறகு சிவகாசியில் சீசன். தீபாவளி லேபிளும் காலண்டரும் எல்லா மெஷினையும் அடைத்துக்கொள்ளும். மாவுப் பெட்டியை எந்த அச்சகமும் தொடாது. என்ன அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் தீபாவளி வரைக்கும் அவர் விற்றாக வேண்டும்.

கடைகளில் என்ன நடந்தது என்பதை அவர் வாயாலேயே கேட்டேன். புரட்டாசியில் ஒருநாள் புயல் மாதிரி உள்ளே வந்தார். பெட்டியை என் மேஜையில் போட்டார்.

"யாரைக் கேட்டு சீனியை மொதல்ல போட்ட? சாத்தூர்ல கடைக்காரன் கேக்கான், அண்ணாச்சி நீங்க மாவு விக்கீகளா சீனி விக்கீகளான்னு. பொம்பளைக திருப்பிப் பாத்துட்டு வச்சிட்டுப் போறாக. சத்துமாவுக்குச் சீனிமாவுன்னு பேரு வச்சிட்டானுக."

முதலாளி பதறிக்கொண்டு வந்தார். புரூபைத் தேடி எடுத்தார். கையெழுத்தைப் பார்த்ததும் அவர் பதற்றம் தணிந்தது. "நீங்க பாத்துப் போட்ட கையெழுத்துதானே அண்ணாச்சி" என்றார்.

"நான் எங்கய்யா பாத்தேன்?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "உனக்கு நான் என்ன தாயீ செஞ்சேன்?"

"இதுல ஏதாவது பொய் இருக்கா அண்ணாச்சி?"

"பொய்யின்னு சொல்லலை."

"நீங்க சொன்னதைத்தான் போட்டேன். சொன்ன வரிசையில."

பிறகு சொன்னேன். மகளைப் பற்றி, விருதுநகர் ஆஸ்பத்திரியைப் பற்றி, தொடையில் போட்ட ஊசியைப் பற்றி. குரல் உடையாமல் சொல்ல வேண்டும் என்று பலநாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். உடையவில்லை. முதலாளிக்கும் அதுவரை தெரியாது. அவர் கையிலிருந்த புரூபை மெதுவாக மடித்தார்.

அண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், "அப்பவும் கடலைன்னு போட்டுத்தானே இருந்துச்சு" என்றார்.

அந்த வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருந்தால், 'புள்ளை இப்ப எப்படி இருக்கா' என்று முதலில் கேட்டிருந்தால், நான் ஒருவேளை வேறு மாதிரி இதை எழுதியிருப்பேன். அதையும் கேட்டார், எழுந்து போகும்போது வாசலருகே நின்று. நான் திரையைப் பார்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன்.

சீசன் முழுக்க அந்தப் பெட்டிகள் கடையில் கிடந்தன. விருதுநகர் பஜாரில் ஒரு கடை முன்னால் நான் வேண்டுமென்றே நின்று பார்த்திருக்கிறேன். இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி பெட்டியைத் திருப்பி, விரலை வரிமேல் ஓட்டிப் படித்து, வாய்க்குள் 'சீனி' என்று சொல்லிக்கொண்டு திரும்ப வைத்தாள். எனக்கு இனித்தது. இன்னும் நாலு பேர் வந்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நின்றேன். பஸ் போய்விட்டது.

தீபாவளி முடிந்து மெஷின்கள் ஓய்ந்ததும் அவர் வேறு இடம் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கார்த்திகையில் முதலாளி வந்து சொன்னார், அண்ணாச்சி மாவைப் புதுசாகக் கலக்குகிறாராம். சீனியைக் குறைத்துவிட்டாராம், நிலக்கடலையை எடுக்கவில்லையாம். பெட்டி மறுபடி நம்மிடம்தான். "நீங்க வேணாம்மா, உங்களுக்கும் அவருக்கும் மனத்தாங்கல். வேற ஆளை வச்சுச் செய்யறேன். எழுத்தைக் கொஞ்சம் சிறுசாக் கேக்காரு."

"இல்ல முதலாளி" என்றேன். "எங்கிட்டயே குடுங்க."

அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு அந்தப் புதுப் பெட்டிக்கான தாள்களை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கம்ப்யூட்டரில் நாலாவது பக்கத்தைத் திறந்து, நிலக்கடலை இருந்த வரியைத் தேர்ந்தெடுத்து, எழுத்தின் அளவை இன்னொரு படி கூட்டினேன்.